தண்ணீர்த் தொட்டிகள் சுத்தம் செய்யும் பணி: குடியிருப்போருக்கு அறிவிப்பு

நாள்: 08.09.2025, திங்கட்கிழமை
பெறுநர்: ஏ, பி, சி பிளாக்குகளில் குடியிருக்கும் அனைவருக்கும்

நமது குடியிருப்பின் நிலத்தடித் தொட்டியையும் மூன்று பிளாக்குகளின் மொட்டைமாடித் தொட்டிகளையும் சுத்தம் செய்யும் அரையாண்டுப் பணி இம்மாதம் தொடங்குகிறது. பணி நடப்பது உறுதி. எந்தத் தொட்டிக்கு எந்த நாள் என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. உறுதியான தேதிகள் வரும் புதன்கிழமை (10.09.2025) மாலை 6 மணிக்கு ஒவ்வொரு பிளாக்கின் லிஃப்ட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையிலும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிடப்படும். அதுவரை யாரும் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியதில்லை.

தேதியில் குழப்பம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. பராமரிப்புக் குழுக் கூட்டத்தில் அவசரமாக எழுதப்பட்ட குறிப்பில், நிலத்தடித் தொட்டிக்கு “சனி, 14” என்று உள்ளது. ஆனால் செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை வருவது 13ஆம் தேதி. ஏ, பி பிளாக்குகளுக்கு “அடுத்த ஞாயிறு” என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. குறிப்பு எழுதிய நாள் அதில் இல்லாததால் அது 14ஐக் குறிக்கிறதா, 21ஐக் குறிக்கிறதா என்று தெரியவில்லை. சி பிளாக்கிற்கு எதிரே “பிறகு” என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. ஊகத்தில் ஒரு தேதியை அறிவித்துவிட்டு மறுநாள் அடித்துத் திருத்த விரும்பாததால், பணியை எடுத்துள்ள ஒப்பந்ததாரரிடம் தேதிகளை எழுத்து மூலம் கேட்டுள்ளோம். “14ஆம் தேதி முழுவதும் தண்ணீர் வராது” என்று சில வீடுகளுக்கிடையே சுற்றிவரும் செய்தி சங்கம் அனுப்பியது அன்று. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

தேதி தெளிவாக இல்லாவிட்டாலும் பணியின் வரிசை தெளிவாகவே இருக்கிறது. நிலத்தடித் தொட்டியைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அதன் அடியில் தங்கியுள்ள வண்டல், கழுவி முடித்த மாடித் தொட்டிகளுக்கே மோட்டார் வழியாக ஏறிவிடும். அது மீண்டும் நிரம்ப ஓர் இரவு தேவைப்படுவதால் இரண்டு பணிகளையும் ஒரே நாளில் வைக்க இயலாது. ஆகவே நிலத்தடித் தொட்டிப் பணி 13ஆம் தேதி நடந்தால் ஏ, பி பிளாக்குகளின் பணி 14ஆம் தேதி நடக்கலாம். அது 14ஆம் தேதிக்குப் போனால் ஏ, பி பிளாக்குகளின் பணி 21ஆம் தேதிதான். வார இறுதி நாட்களில் மட்டுமே இப்பணியை வைத்துக்கொள்வது என்று குழு முடிவு செய்திருப்பதால், சி பிளாக்கின் பணி 20ஆம் தேதிக்கு முன் நடக்காது. புதன்கிழமை மாலை 6 மணிக்குள் ஒப்பந்ததாரரிடமிருந்து எழுத்து மூலமான பதில் வராவிட்டால் 13, 14 ஆகிய இரு நாட்களிலும் எந்தப் பணியும் நடைபெறாது; அடுத்த தேதி குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்பாக அறிவிக்கப்படும்.

எந்த நாளாக இருந்தாலும் பணி நேரம் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை. நிலத்தடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் மாடித் தொட்டிகள் முந்தைய இரவே நிரப்பி வைக்கப்படும் என்பதால் குழாய்களில் தண்ணீர் வரும். ஆனால் மோட்டார் ஓடாது, இருப்பு தீர்ந்தால் மாலை வரை காத்திருக்க வேண்டியதுதான். அன்று துணி துவைப்பதையும் வாகனம் கழுவுவதையும் தவிர்த்தால் மூன்று பிளாக்குகளுக்கும் தண்ணீர் போதும். மாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாளில் நிலைமை வேறு. அந்தப் பிளாக்கில் காலை 9 மணிக்கு வால்வு மூடப்பட்டதும் சமையலறை, குளியலறை, கழிப்பறை என எந்தக் குழாயிலும் தண்ணீர் வராது. அதற்குத் தேவையானதை அன்று காலை 8.30 மணிக்குள் மூடியுள்ள பாத்திரங்களில் பிடித்து வைத்துக்கொள்ளவும். கழிப்பறைக்கென்று தனியாக இரண்டு வாளி வைத்துக்கொள்ளுமாறு குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறோம், ஏனெனில் பலரும் மறப்பது அதைத்தான்.

பணி தொடங்கும் முன் உங்கள் வீட்டுக் கீசர், வாஷிங் மெஷின், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி ஆகியவற்றின் மின் இணைப்பை நிறுத்தி, கருவிக்குத் தண்ணீர் செல்லும் சிறு வால்வையும் மூடிவிடவும். தொட்டிகளின் சுவர்களைத் தேய்த்து, வண்டலை அகற்றிய பின் குளோரின் கலந்த கரைசலால் கிருமி நீக்கம் செய்து, அதன் பிறகு நல்ல தண்ணீரால் அலசுவார்கள். எவ்வளவு அலசினாலும் முதலில் வரும் தண்ணீரில் குளோரின் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். சுத்திகரிப்புக் கருவியின் மெல்லிய சவ்வை அது கெடுத்துவிடும். கீசரைப் பொறுத்தவரை, உள்ளே தண்ணீர் நிரம்பியது உறுதியாகும் வரை அதை இயக்கக் கூடாது. கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலத்தை அன்று பயன்படுத்த வேண்டாம். அமிலமும் குளோரினும் கலந்தால் நச்சு வாயு உண்டாகும்.

இன்னொன்று, குழாய்கள். தண்ணீர் வராத நேரத்தில் ஒரு குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது எளிது. சென்ற முறை ஐந்தாம் தளத்தில் பூட்டியிருந்த ஒரு வீட்டில் இப்படித்தான் மாலை முழுவதும் தண்ணீர் ஓடி, நான்காம் தளத்தின் கூரை வரை ஊறியது. அன்று வெளியே செல்பவர்கள் எல்லாக் குழாய்களும் மூடியுள்ளனவா என்று பார்த்துவிட்டுச் செல்லவும். வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் வீட்டு முதன்மை வால்வை மூட அலுவலகத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் தெரிவிக்கலாம்.

தண்ணீர் திரும்ப வரும்போது குழாயில் காற்று அடைத்திருப்பதால் முதலில் விட்டுவிட்டுச் சீறி வரும். சற்றுக் கலங்கலாகவும் இருக்கலாம். சமையலறைக் குழாயை ஐந்து நிமிடம் மெதுவாகத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை கழுவப் பயன்படுத்திக்கொள்ளவும். தெளிந்த பிறகும் குளோரின் நெடி கடுமையாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் அலுவலகத்திற்குத் தெரிவிக்கவும். பணி முடிந்ததும் ஒவ்வொரு தொட்டியிலும் எஞ்சியுள்ள குளோரின் அளவைச் சோதித்து, முடிவைப் பலகையில் ஒட்டுவோம்.

பணியின்போது மொட்டைமாடிக் கதவுகள் பூட்டப்பட்டிருக்கும். துணி காயவைத்திருப்பவர்கள் காலையிலேயே எடுத்துக்கொள்ளவும். நிலத்தடித் தொட்டியின் மூடி திறந்திருக்கும் நேரம் முழுவதும் அதைச் சுற்றித் தடுப்பும் காவலாளர் ஒருவரும் இருப்பார்கள் என்றாலும், குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட அனுப்ப வேண்டாம். தீயணைப்புக்கான தனித் தொட்டி இம்முறை சுத்தம் செய்யப்படவில்லை. அதன் இருப்பு அப்படியே இருக்கும்.

கைக்குழந்தை, படுத்த படுக்கையில் உள்ள முதியவர், நோயாளி என யாரேனும் உள்ள வீடுகளுக்குத் தண்ணீரைக் கேன்களில் நேரில் கொண்டுவந்து தர ஏற்பாடு செய்துள்ளோம். தேவைப்படுவோர் வியாழக்கிழமை (11.09.2025) இரவு 8 மணிக்குள் தரைத்தள அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதிவிடவும். 13, 14 ஆகிய நாட்களில் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் புதன்கிழமை நண்பகலுக்குள் தெரிவித்தால், தேதியை உறுதி செய்யும்போது அதையும் கருத்தில் கொள்ள முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்
குடியிருப்போர் நலச் சங்கம்