விடைத்தாள் மறுமதிப்பீடு கோரி விண்ணப்பம்

சென்னை
12.03.2025

அனுப்புநர்
ச. கவிதா,
பதிவு எண்: 212208417,
இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு (மாலை வகுப்பு, தமிழ் வழி),
வியாசர்பாடி, சென்னை - 600 039.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு,
சென்னை.

பொருள்: நவம்பர் 2024 தேர்வு, நிதிநிலைக் கணக்கியல் (முதல் பருவ அரியர்) விடைத்தாளை மறுமதிப்பீடு செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மேற்கண்ட தாளில் எனக்கு 75க்கு 27 மதிப்பெண் வந்திருக்கிறது. தேர்ச்சிக்கு 30 வேண்டும். கட்டணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கி, வினாத்தாளை அருகில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். மூன்று இடங்களில் தவறு நேர்ந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலாவது, கூட்டல். பகுதி அ-வில் நான் எழுதிய பத்து விடைகளுக்கும் ஓரத்தில் போட்டிருக்கும் மதிப்பெண்களைக் கூட்டினால் 13 வருகிறது. முகப்புப் பக்கக் கட்டத்தில் 11 என்று இருக்கிறது. 12ஆம் வினாவின் விடை மட்டும் பக்கம் திருப்பி மூன்றாம் பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதற்குப் போட்ட 2 சேரவில்லை. இதைச் சேர்த்தாலும் 29தான். அதனால்தான் மறுகூட்டலோடு நிற்காமல் மறுமதிப்பீடு கேட்கிறேன்.

இரண்டாவது, 19ஆம் வினா, 10 மதிப்பெண். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1.7.2021 அன்று ரூ.1,80,000க்கு வாங்கிய இயந்திரம். நிறுவுகைச் செலவு ரூ.20,000, ஆண்டுக்கு 10% தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை, கணக்கு முடிப்பது ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31, 30.9.2023 அன்று ரூ.1,50,000க்கு விற்பனை. வாங்கிய தேதி ஜூலை 1 என்பதால் முதல் ஆண்டுக்கு ஒன்பது மாதத் தேய்மானம்தான் வரும். ரூ.2,00,000க்கு 10%, அதில் ஒன்பது மாதத்துக்கு ரூ.15,000. அப்படித்தான் எழுதினேன். திருத்தியவர் அந்த 15,000-ஐ அடித்து, பக்கத்தில் 20,000 என்று எழுதியிருக்கிறார். நகல் கறுப்பு வெள்ளையில் இருந்தாலும் அந்தக் கோடும், மேலே எழுதிய எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. ஜூலை 1 என்ற தேதி கண்ணில் படாமல், முழு ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்க வேண்டும்.

அந்த ஓர் எண்ணை அடித்ததால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே தவறாகிவிட்டது. 2022-23க்கு ரூ.18,500, விற்ற ஆண்டில் ஆறு மாதத்துக்கு ரூ.8,325, விற்ற நாளில் புத்தக மதிப்பு ரூ.1,58,175, விற்பனை நட்டம் ரூ.8,175. இயந்திரக் கணக்கில் கடைசி ஆண்டின் இரு பக்கமும் ரூ.1,66,500 என்று சமன் ஆகிறது. இதற்கு எனக்குக் கிடைத்தது 3. முதல் வரி தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தொடர்ந்து முறையாகப் போட்ட கணக்குக்குப் படி மதிப்பெண் தரப்பட வேண்டாமா? பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் பகலில் கணக்கு எழுதித்தான் படிக்கிறேன். இந்தக் கணக்கை நான் தெரியாமல் எழுதவில்லை.

மூன்றாவது, 16ஆம் வினா, வங்கிச் சரிகட்டும் பட்டியல், 5 மதிப்பெண். 26ஆம் பக்கத்தைத் தவறுதலாகக் காலியாக விட்டு 27ஆம் பக்கத்தில் எழுதிவிட்டேன்; அது என் பிழை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு டிக் கூட இல்லை, சுழியமும் இல்லை. விடை அங்கேயே இருக்கிறது: ரொக்க ஏட்டின்படி இருப்பு ரூ.24,500, கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலை ரூ.6,200 கூட்டி, போட்டு இன்னும் வசூலாகாத காசோலை ரூ.3,800, வங்கிக் கட்டணம் ரூ.150 கழித்தால் ரூ.26,750.

22ஆம் வினாவுக்கு 2 மதிப்பெண்தான் தந்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அந்தக் கணக்கை நான் பாதியில் விட்டேன்.

ஆகவே, 19ஆம் வினாவை வினாத்தாளில் உள்ள தேதியோடு ஒப்பிட்டு வேறொரு மதிப்பீட்டாளர் திருத்தவும், 27ஆம் பக்கத்தை மதிப்பிடவும், பகுதி அ-வின் கூட்டலைச் சரிசெய்யவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். எனக்கு மீதமுள்ள ஒரே அரியர் இதுதான். ஏப்ரலில் ஆறாம் பருவத் தேர்வு எழுதுகிறேன். இந்தத் தாள் நின்றுவிட்டால் பட்டச் சான்று கைக்கு வராமல் எம்.காம். சேர்க்கை இந்த ஆண்டு தவறிவிடும். எனவே சேர்க்கை தொடங்கும் முன் முடிவைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கவிதா

இணைப்பு: விடைத்தாள் நகல் (3, 27ஆம் பக்கங்களிலும் 19ஆம் வினாவின் பக்கங்களிலும் அடையாளம் இடப்பட்டது), வினாத்தாள் நகல், மறுமதிப்பீட்டுக் கட்டண ரசீது, நுழைவுச்சீட்டு நகல்.