குழாய் அகலும் இடத்தில் கீழ்க்கோடு ஏன் ஏறுகிறது?

போன வாரத் தேர்வில் பதினோராம் கேள்விக்குப் பாதிப் பேருக்கு மேல் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, படத்தில் மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருக்கிறீர்கள். தவறும் எல்லோருக்கும் ஒன்றேதான். குழாய் சின்னதிலிருந்து பெரியதாகும் இடத்தில் இரண்டு கோடுகளையும் கீழே இறக்கிவிட்டீர்கள். "சார், அங்கே நட்டம்தானே வருகிறது, அப்புறம் எப்படி ஏறும்?" என்று வகுப்பு முடிந்ததும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியது இல்லை என்பதால் முழுக் கணக்கையும் இங்கே எழுதிவிடுகிறேன். கையில் ஒரு கிராஃப் தாள் வைத்துக்கொண்டு படியுங்கள், வெறுமனே வாசித்தால் ஏறாது.

முதலில் கோடுகள் எவை என்று தெளிவாக்கிக்கொள்வோம். குழாயின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அதில் நேராக ஒரு கண்ணாடிக் குழலை நிறுத்தினால் தண்ணீர் ஒரு மட்டம் வரை ஏறி நிற்கும். குழாய் நெடுகிலும் இப்படிக் குழல்களை நட்டு, அந்த மட்டங்களை இணைத்தால் கிடைப்பது நீரியல் சரிவுக் கோடு. இனி இதைக் கீழ்க்கோடு என்கிறேன். அதே இடத்தில் ஓட்டத்தை எதிர்நோக்கி வளைந்த பிட்டோ குழலைச் செருகினால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மேலே, சரியாக V²/2g அளவு மேலே, போய் நிற்கும். அந்த மட்டங்களை இணைத்தால் ஆற்றல் கோடு, அதாவது மேல்கோடு. ஆக இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வேக ஹெட், வேறொன்றும் இல்லை. கீழ்க்கோட்டுக்கும் குழாயின் மைய அச்சுக்கும் நடுவில் இருப்பது அழுத்த ஹெட்.

இப்போது கணக்கு. மேல் தொட்டியின் நீர்மட்டம் 50.00 மீட்டர், கீழ்த் தொட்டியின் நீர்மட்டம் 41.50 மீட்டர். மேல் தொட்டியிலிருந்து 150 மி.மீ. குழாய் 30 மீட்டர் நீளம், அங்கே சட்டென்று 300 மி.மீ. ஆகி இன்னொரு 45 மீட்டர் போய்க் கீழ்த் தொட்டியில் நீருக்கடியில் திறக்கிறது. இரண்டு குழாய்க்கும் உராய்வுக் குணகம் f = 0.02. குழாயின் அச்சு தொடக்கத்தில் 46.00, இணைப்பில் 40.00, அதன்பின் கிடைமட்டம்.

நடுவே ஓர் எச்சரிக்கை. இந்த 0.02 என்பது fLV²/2gd என்ற சூத்திரத்துக்கு உரியது. நம்முடைய பழைய பாடப் புத்தகங்கள் பலவற்றில் 4fLV²/2gd என்றிருக்கும், அங்கே அதே குழாய்க்கு f = 0.005 என்று கொடுத்திருப்பார்கள். இரண்டையும் கலந்தால் உராய்வு நான்கு மடங்கு கூடிவிடும் அல்லது கால் பங்காகிவிடும். கேள்வித்தாளில் f-இன் மதிப்பைப் பார்த்ததும் எந்தச் சூத்திரத்துக்கான எண் என்று யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

விட்டம் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நான்கு மடங்கு, ஆகவே சின்னக் குழாயில் வேகம் பெரியதில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. V1 = 4V2, அதனால் V1² = 16V2². எல்லா நட்டத்தையும் V2²/2g-இன் மடங்காக எழுதிவிட்டால் வேலை மிச்சம்.

```
நுழைவு      0.5 × 16             =  8
உராய்வு 1   0.02×30/0.15 × 16    = 64
விரிவு      (4 − 1)²             =  9
உராய்வு 2   0.02×45/0.30         =  3
வெளியேற்றம்                      =  1
மொத்தம்                          = 85
```

கிடைக்கும் மொத்த ஹெட் 50.00 − 41.50 = 8.50 மீட்டர். 85 பங்குக்கு 8.5 மீட்டர், ஒரு பங்கு 0.10 மீட்டர். (எண்களை வேண்டுமென்றே அப்படி வைத்தேன், தேர்வில் இவ்வளவு கருணை எதிர்பார்க்காதீர்கள்.) ஆக V2²/2g = 0.10, V2 = 1.40 மீ/வி, V1 = 5.60 மீ/வி, ஓட்டம் விநாடிக்குச் சுமார் 99 லிட்டர். வேக ஹெட் சின்னக் குழாயில் 1.60 மீட்டர், பெரியதில் 0.10 மீட்டர்.

இனி வரைவது. எப்போதும் மேல்கோட்டை முதலில் முடியுங்கள், அதிலிருந்து வேக ஹெட்டைக் கழித்துக் கீழ்க்கோட்டை வரையுங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் பெரும்பாலும் குழம்புகிறார்கள், ஏனென்றால் மேல்கோட்டுக்கு ஒரே விதிதான்: பம்ப் இல்லாத வரை அது ஓட்டத் திசையில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கீழ்க்கோட்டுக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

| இடம் | மேல்கோடு | வேக ஹெட் | கீழ்க்கோடு |
|---|---|---|---|
| மேல் தொட்டி | 50.00 | 0 | 50.00 |
| குழாயில் நுழைந்ததும் | 49.20 | 1.60 | 47.60 |
| இணைப்புக்குச் சற்று முன் | 42.80 | 1.60 | 41.20 |
| இணைப்புக்குப் பின் | 41.90 | 0.10 | 41.80 |
| பெரிய குழாயின் முடிவு | 41.60 | 0.10 | 41.50 |
| கீழ்த் தொட்டி | 41.50 | 0 | 41.50 |

தாளில் நிலைக்குத்தாக 1 செ.மீ.க்கு 0.5 மீட்டர், கிடையாக 1 செ.மீ.க்கு 5 மீட்டர் என்று எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். கிடை அளவு குழாய் நெடுகிலும் அளந்த நீளம்.

நுழைவில் மேல்கோடு 0.80 விழுகிறது, கீழ்க்கோடு 2.40 விழுகிறது. நட்டத்தோடு கூடவே 1.60 மீட்டர் வேக ஹெட்டும் அழுத்தத்திலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். அப்புறம் 150 மி.மீ. குழாயில் விட்டமும் வேகமும் மாறாததால் இரண்டு கோடுகளும் இணையாக, 30 மீட்டரில் 6.40 மீட்டர் இறங்குகின்றன. அடிக்குறிப்பில் "இணைகோடுகள்" என்று எழுதிவிட்டுப் படத்தில் விரிந்துகொண்டே போகிற மாதிரி வரைந்த மூன்று தாள்கள் பார்த்தேன்!

இணைப்புக்கு வருவோம். நட்டம் (V1 − V2)²/2g = 0.90 மீட்டர், மேல்கோடு 42.80-லிருந்து 41.90-க்கு இறங்குகிறது. சரி, இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதே இடத்தில் வேக ஹெட் 1.60-லிருந்து 0.10 ஆகிவிட்டது, அதாவது 1.50 மீட்டர் விடுபட்டது. இந்த 1.50-இல் 0.90 சுழல்களில் வீணானது. மீதி 0.60 எங்கே போயிருக்க முடியும்? அழுத்தமாகத்தான் திரும்பியிருக்கிறது. அதனால் கீழ்க்கோடு 41.20-லிருந்து 41.80-க்கு ஏறுகிறது, நம் தாளில் 12 மி.மீ. ஆற்றல் எங்கும் கூடவில்லை, வேகமாக இருந்ததில் ஒரு பகுதி அழுத்தமாக உருமாறியது. அந்த மாணவரின் கேள்விக்கு இதுதான் பதில்: நட்டம் மேல்கோட்டின் கணக்கு, கீழ்க்கோடு அதோடு வேக ஹெட்டின் மாற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

இது ஏதோ எண்களின் தற்செயல் இல்லை. ஏற்றம் = (V1² − V2²)/2g − (V1 − V2)²/2g. இதைச் சுருக்கினால் V2(V1 − V2)/g வரும். சட்டென்ற விரிவில் V1 எப்போதும் V2-ஐவிடப் பெரியது, ஆக இது எப்போதும் நேர்மறை. நம் கணக்கில் 1.40 × 4.20 / 9.81 = 0.60. ஒத்துப்போகிறது. குழாய் சட்டென்று அகலும் இடத்தில் கீழ்க்கோட்டை இறக்கி வரைந்தால், எண்களைப் பார்க்காமலேயே தவறு என்று சொல்லிவிடலாம், நானும் அப்படித்தான் திருத்தினேன்.

இந்தச் சூத்திரத்துக்குப் போர்டா, கார்னோ இருவர் பெயரும் உண்டு. வருவித்தலின் முக்கியமான இடம், அகன்ற வாயில் வளையம்போல் நிற்கும் சுவர்மேல் சின்னக் குழாயில் இருந்த அதே அழுத்தம்தான் இருக்கிறது என்ற எடுகோள். அதாவது விரிந்த அந்தக் கணமே அழுத்தம் ஏறிவிடுவதில்லை. பீறிட்டு வரும் நீர் சுழல்களின் நடுவே போய், சில விட்ட தூரம் தள்ளித்தான் குழாயை நிரப்பி அமைதியாகிறது. எனவே உண்மையில் கண்ணாடிக் குழல்களை நட்டால் அந்த ஏற்றம் செங்குத்தாக இருக்காது, கொஞ்சம் சாய்ந்து வளைந்து ஏறும். 45 மீட்டர் குழாயில் அந்தத் தூரம் சிறியது என்பதால் தேர்வில் செங்குத்தாகவே போடுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

300 மி.மீ. குழாயில் சரிவு எவ்வளவு? 45 மீட்டரில் வெறும் 0.30 மீட்டர், ஏறக்குறைய படுத்தே கிடக்கும். சின்னக் குழாயின் சரிவு மீட்டருக்கு 0.2133, இங்கே 0.00667. வகுத்தால் 32. ஓட்டமும் f-உம் ஒன்றாக இருக்கும்போது சரிவு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம், 2⁵ = 32. படத்தில் இரண்டு பகுதிகளையும் ஒரே மாதிரிச் சாய்த்து வரைந்தவர்கள் இதைப் பாருங்கள்.

கடைசியில் நீர் தொட்டிக்குள் நுழையும்போது மிச்சமிருக்கும் வேக ஹெட் 0.10 முழுவதும் போய்விடுகிறது, மேல்கோடு 41.60-லிருந்து தொட்டி மட்டத்துக்கு விழுகிறது. கீழ்க்கோடு ஏற்கெனவே 41.50-இல் வந்து நேராகத் தொட்டி மட்டத்தைத் தொடும். தொடவில்லை என்றால் எங்கேயோ கழித்தல் பிசகியிருக்கிறது.

அட்டவணையில் இன்னொன்றைக் கவனித்தீர்களா? இணைப்புக்கு முன் கீழ்க்கோடு 41.20, அதாவது தண்ணீர் போய்ச் சேர வேண்டிய கீழ்த் தொட்டி மட்டத்தைவிட 0.30 மீட்டர் தாழ்வு. பலர் இதைத் தவறு என்று நினைத்து அழித்துவிட்டு வேறு எண் போட்டிருந்தீர்கள். தவறே இல்லை, பிறகு ஏறிவிடுகிறதே. நம் குழாயின் அச்சு அங்கே 40.00, எனவே அழுத்த ஹெட் 1.20 மீட்டர், பிரச்சினை இல்லை. அதே இணைப்பைக் களத்தில் யாரோ 42.00 மட்டத்தில் வைத்துவிட்டால், குழாய் கீழ்க்கோட்டுக்கு 0.80 மீட்டர் மேலே இருக்கும், உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. இணைப்பு கசிந்தால் தண்ணீர் வெளியே வராது, வெளிக்காற்று உள்ளே போகும். இந்தப் படத்தை வரையச் சொல்வதே பெரும்பாலும் இதைக் கண்டுபிடிக்கத்தான், அழகுக்காக இல்லை. அச்சையும் அதே தாளில் வரையாதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

இனி நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று. அதே குழாய்களை மாற்றி வையுங்கள்: முதலில் 300 மி.மீ. 45 மீட்டர், பிறகு 150 மி.மீ. 30 மீட்டர். சுருக்கத்துக்குக் குணகம் 0.5(1 − A2/A1) = 0.375 என்று எடுங்கள், அதைப் பெருக்க வேண்டியது சின்னக் குழாயின் வேக ஹெட்டோடு. மொத்தம் 89.5 பங்கு வரும், ஓட்டம் சுமார் 96.5 லிட்டர். இரண்டு ஏற்பாட்டிலும் ஓட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் தலைவலி முழுவதும் 150 மி.மீ. குழாயின் உராய்வில்தான். ஆனால் படம் வேறு: இணைப்பில் மேல்கோடு 0.57 இறங்கும், கீழ்க்கோடு ஏறக்குறைய 2 மீட்டர் விழும், வெளியேறும் இடத்தில் மேல்கோடு 43.02-லிருந்து ஒரேயடியாக 41.50-க்கு இறங்கும். திங்கட்கிழமை தாளோடு வாருங்கள்.