அன்னதானக் கணக்குப் படம், வரிசை வரிசையாக

அக்கா, நேற்று குழுவில் வந்த மளிகைக் கணக்கு வெறும் படம் என்பதால் உங்கள் ஸ்கிரீன் ரீடர் அதை வாசிக்கவில்லை என்றீர்கள். கடைக்குப் பணம் கொடுக்கும் முன் நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய கணக்கு அது. அதனால் படத்தில் உள்ளதை அப்படியே தட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் வரிசை எண்ணில் தொடங்கும். பிறகு A, B, C, D கட்டங்கள்.

```
1 | பொருள் | அளவு | விலை | தொகை
2 | பொன்னி அரிசி, கிலோ | 50 | 62 | 3,100
3 | துவரம் பருப்பு, கிலோ | 12 | 165 | 1,980
4 | நல்லெண்ணெய், லிட்டர் | 8 | 380 | 3,040
5 | வெல்லம், கிலோ | 15 | 70 | 1,050
7 | முந்திரி, கிலோ | 3 | 900 | 2,700
8 | வாழை இலை | 200 | 6 | 1,200
9 | மொத்தம் | காலி | காலி | 12,670
10 | முன்பணம் | காலி | காலி | 5,000
11 | பாக்கி | காலி | காலி | 7,670
```

6 விட்டுப்போனது என் தட்டச்சுப் பிழை இல்லை. படத்திலேயே 5-க்கு அடுத்து 7 தான் வருகிறது. யாரோ அந்த வரிசையை மறைத்து வைத்திருக்கிறார்கள்.

படம் எடுத்தபோது கர்சர் D9-இல் இருந்திருக்கிறது. அதனால் மேலே ஃபார்முலா பாரில் இந்த ஒன்று மட்டும் தெரிகிறது:

```
=SUM(D2:D9)
```

மன்னிக்கவும், பெரிதாக்கிப் பார்த்தேன், கடைசி எண் 9 இல்லை, 8. சரியானது இது:

```
=SUM(D2:D8)
```

மற்ற கட்டங்களில் ஃபார்முலாவா, கையால் போட்ட எண்ணா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அளவையும் விலையையும் நானே பெருக்கிப் பார்த்தேன், ஆறு வரிசையும் சரி. D11-உம் D9-இல் இருந்து D10 போக வரும் தொகைதான்.

இடிப்பது மொத்தம். கண்ணுக்குத் தெரியும் ஆறு தொகையைக் கூட்டினால் 13,070 வருகிறது, படத்தில் 12,670. 400 குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். D பத்தியில் எல்லா எண்ணும் வலது ஓரம் ஒட்டி நிற்க, D8-இல் உள்ள 1,200 மட்டும் இடது ஓரத்தில் நிற்கிறது. அதன் மேல் இடது மூலையில் சின்னப் பச்சை முக்கோணம். எண்ணை எழுத்தாகப் பதிந்துவிட்டால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும், SUM அதைக் கூட்டாது. ஆனால் மறைத்த வரிசையை விடாமல் கூட்டிவிடும்.

அப்படிப் பார்த்தால் இரண்டு வழி இருக்கிறது. D8 எழுத்தாக இருந்தால், மறைந்த 6-இல் 800 ரூபாய்க்கு ஏதோ பொருள் இருக்கிறது. அப்போது உண்மையான மொத்தம் 13,870, பாக்கி 8,870. D8 ஒழுங்கான எண் என்றால், 6-இல் 400 ரூபாய் தள்ளுபடி கழித்தலாகப் போட்டிருக்கலாம். அப்போது 7,670 சரிதான்.

கோப்பையே அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வந்ததும் ஏதாவது காலிக் கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள், TRUE என்று வாசித்தால் D8 எழுத்துதான்:

```
=ISTEXT(D8)
```

அப்புறம் 5, 7 வரிசைகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மறைப்பை நீக்கிவிடுங்கள். அதுவரை கடைக்காரருக்குப் பாக்கி கொடுக்க வேண்டாம் அக்கா.