பாட்டிலும் குழாயும்: அழுத்தம், ஓட்டம் செய்முறைத் திட்டம்

வகுப்பு: 8. பாடவேளை: 45 நிமிடம்.
இடம்: மண்டபம் பக்கத்து நடுநிலைப் பள்ளி, மர மேசையுள்ள அறை. கடற்காற்று நீர்த்தாரையைக் கலைக்கும், கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டியது: அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு.

தேவை: 2 லிட்டர் குளிர்பான பாட்டில் மூன்று, விரல் தடிமன் ஒளிபுகும் குழாய் ஒரு மீட்டர், அதே நீளத்தில் புது சலைன் குழாய், எம்-சீல், வாளி, அளவு குவளை, செல்போன் கடிகாரம். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் ஊர் இது. உப்புக் கிணற்றுத் தண்ணீரே போதும். வாளியில் பிடித்துத் திரும்ப ஊற்றலாம்.

முதல் செய்முறை (15 நிமிடம்)
அடியிலிருந்து 6, 12, 18 செ.மீ. உயரத்தில், சூடாக்கிய ஆணியால் ஒரே அளவில் மூன்று துளை. 24 செ.மீ. வரை தண்ணீர். ஒரு மாணவி விடாமல் ஊற்றி மட்டத்தைக் காக்க வேண்டும்.

பாட்டிலை மேசை விளிம்பில் வைத்து, தண்ணீர் தரையில் விழ விடணும். போன வருடம் மேசைமேல் தட்டிலேயே வைத்தேன். மேல் துளைத் தாரையும் கீழ்த் துளைத் தாரையும் ஒரே இடத்தில் விழுந்தன, நடுத் துளைதான் தூரம் போனது. கீழ்த் தாரை வேகமாகத்தான் கிளம்புகிறது. ஆனால் விழ உயரமில்லை, சீக்கிரம் தட்டைத் தொட்டுவிடுகிறது. தரைவரை விழவிட்டால் கீழ்த் தாரையே முந்தும். இதைக் கவனிக்காமல் செய்தால் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் மூன்று துளையையும் விரலால் அடைக்கச் சொல்ல வேண்டும். ஓட்டம் இல்லை. விரலில் அழுத்தம் தெரிகிறதா என்று கேட்க வேண்டும். பாடத்தின் உயிர் இந்தக் கேள்விதான், அவசரப்படுத்தக் கூடாது.

இரண்டாவது செய்முறை (20 நிமிடம்)
துளையிடாத மற்ற இரண்டு பாட்டிலிலும் அடியில் குழாய் செருகி எம்-சீல் வைத்து, முந்தின நாளே காயவிட வேண்டும். ஒன்றில் தடித்த குழாய், மற்றதில் சலைன் குழாய். இரண்டும் ஒரே உயரத்தில். அரை லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி? முதலில் ஊகத்தை நோட்டில் எழுதட்டும். "குழாய் பாதி தடிமன்னா தண்ணியும் பாதிதானே சார்?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாமல் கடிகாரத்தைக் கையில் கொடுக்க வேண்டும். பாதியைவிட மிகக் குறைவாக வருவதை அவர்களே பார்ப்பார்கள். பிறகு பாட்டிலை ஸ்டூல்மேல் உயர்த்தி மறுபடி அளக்க வேண்டும்.

தடித்த குழாயின் நுனியை நசுக்கினால் தாரை தூரம் பாயும், குவளையோ மெதுவாக நிரம்பும். இரண்டையும் அளந்தே எழுத வேண்டும்.

கடைசி 10 நிமிடம்
P = hρg. சுமார் 10 மீட்டர் ஆழத்தில் கடல்நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். மேலேயுள்ள காற்றையும் சேர்த்தால் இரண்டு மடங்கு. பாசி எடுக்க, சங்கு எடுக்க முங்குகிறவர்கள் பல வீடுகளில் உண்டு. ஆழத்தில் காது எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டு, நாளைக்கு இரண்டு வரி எழுதி வரட்டும்.