பள்ளிச் சந்திப்புக் குறிப்பு: ஐந்தாம் ஆண்டு மகன், பகடிவதை

சுங்கை சிப்புட், 16.7.2025, புதன் இரவு

எடுத்துப்போக வேண்டியவை: இந்தத் தாள் 2 பிரதி, கிளினிக் சீட்டு, கிழிந்த பையின் படம். வாட்சாப் குரல் பதிவு போனிலேயே இருக்கட்டும், அழிக்க வேண்டாம்.

25.6 புதன்: ஓய்வு நேரம், கேண்டீன் பின்புறம். இரு மாணவர்கள் 2 ரிங்கிட் பிடுங்கினார்கள் (மகன் சொன்னது).
3.7 வியாழன்: அதே இடம், அதே இருவர். பையைக் கிழித்தார்கள். "ரப்பர்பால் நாத்தம்" என்றார்கள். சொன்ன வார்த்தையை அப்படியே சொல்ல வேண்டும், "கேலி செய்தார்கள்" என்றால் எடுபடாது. அன்றே வகுப்பாசிரியையிடம் தெரிவித்தோம்.
8.7 செவ்வாய்: வேன் ஏறுமிடத்தில் அதே இருவர் தள்ளியதில் இடது முழங்கை சிராய்ப்பு. மாலை அரசாங்க கிளினிக் (சீட்டு உண்டு).
9.7 முதல் 11.7 வரை: வயிற்றுவலி என்று பள்ளி போகவில்லை. பயத்தால்தான் என்பது நம் ஊகம், ஊகம் என்றே சொல்வது. மற்றவற்றோடு கலந்தால் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

"பிள்ளைங்க சண்டை" என்றால்: ஒரே இருவர், 14 நாளில் 3 முறை, மகன் திருப்பி அடித்ததே இல்லை.

கேள்விகள். ஓய்வு நேரத்தில் கேண்டீன் பின்புறம் எந்த ஆசிரியர் பொறுப்பு? பணி அட்டவணையில் அந்த மூலை இருக்கிறதா? பள்ளி விட்டு வேன் வரும்வரை 20 நிமிடம், யார் பார்க்கிறார்கள்? 3.7 அன்று சொன்னது எழுத்தில் இருக்கிறதா? மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அறிக்கை போகுமா, எப்போது?

மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அவர்கள் எதிரில் மகன் "ஒன்னுமில்ல சார்" என்றுதான் சொல்வான், கேஸ் அங்கேயே மூடிவிடும். எத்தனை பிரம்படி என்று நாமும் கேட்க வேண்டாம். லயத்தில் பேசித் தீர்க்க ஆள் வந்தால், பள்ளி வழியாக மட்டும் என்று சொல்லி விடுவது.

17.7.2025, வியாழன் மாலை, அனுப்பியது

மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. இன்று காலை 10.30 முதல் 11.15 வரை தங்களோடும், வகுப்பாசிரியை, ஆலோசக ஆசிரியையோடும் பேசியதில் முடிவானவை:

21.7 திங்கள் முதல் ஓய்வு நேரத்தில் கேண்டீன் பின்புறம் ஓர் ஆசிரியர் நிற்பார். ஏற்பாடு தங்கள் பொறுப்பு. வேன் வரும்வரை மகன் ஜாகா கொட்டகை பெஞ்சில் இருப்பான்.
அந்த இருவரையும் தனித்தனியாக விசாரித்து, முடிந்ததும் 25.7க்குள் எங்களுக்குத் தெரிவிப்பீர்கள்.
ஆலோசக ஆசிரியை 22.7 முதல் 4 செவ்வாய், 20 நிமிடம் மகனைச் சந்திப்பார்.
3.7 புகார் எழுத்தில் இல்லை. வகுப்பாசிரியை இன்றே பதிவு செய்வதாகச் சொன்னார்.
மறுபடி நடந்தால் அன்றே போன்.

முடிவாகாதவை: மகனை வேறு வகுப்புக்கு மாற்றும் யோசனைக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. கல்வி இலாகா அறிக்கை பற்றி 22.7க்குள் பதில் தருவதாகச் சொன்னீர்கள்.

அடுத்த சந்திப்பு 31.7 வியாழன், காலை 10.30. ஏதேனும் தவறாகக் குறித்திருந்தால் 21.7க்குள் இதே செய்தியில் திருத்தித் தாருங்கள், ஐயா.