பொருள் தேவைத் திட்டம்: 80 படிப்பு மேசை, தர்மபுரி டெலிவரி, 27.3.2026

கிருஷ்ணகிரி பட்டறை. வேலை நாள் திங்கள் முதல் சனி வரை. 19.3 யுகாதி, பட்டறைக்கும் ஓசூர் கோட்டிங் கடைக்கும் விடுமுறை.

ஒரு மேசைக்கு: 25×25 மி.மீ. சதுர பைப் ஒன்று (6 மீ), 1200×600 டாப் ஒன்று, எட்ஜ் பேண்ட் 4 மீ, 38 மி.மீ. ஸ்க்ரூ 8, கால் மூடி 4. 8×4 போர்டில் நான்கு டாப் விழும். போர்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் 5% கூடுதல் சேர்த்திருக்கிறது.

| பொருள் | மொத்தத் தேவை | கைவசம் | வாங்குவது | வர நாள் | ஆர்டர் தேதி |
|---|---|---|---|---|---|
| பைப் | 75 | 6 | 70 | 4 | 2.3 |
| எட்ஜ் பேண்ட் | 320 மீ | 60 மீ | 3 ரோல் (100 மீ) | 10 | 4.3 |
| 18 மி.மீ. பிரீலாம் போர்டு | 21 | 3 | 18 | 7 | 7.3 |
| கால் மூடி | 320 | 40 | 3 பாக்கெட் (100) | 5 | 14.3 |
| ஸ்க்ரூ | 672 | 400 | 1 பாக்கெட் (500) | 1 | 16.3 |

கோட்டிங் முடிந்த பிரேம் புத்தகத்தில் 10. இரண்டில் கால் வளைந்திருப்பதால் 8 என்றே எடுத்தோம். ஆகவே வெல்டிங் 72. ஒரு பிரேமுக்கு வெட்டு நீளம் 5,880 மி.மீ., பிளேடு தின்பது சுமார் 25. மிச்சம் ஒரு சாண்கூட இல்லை. முனை நசுங்கிய பைப் வந்தால் ஒரு கால் குறையும். அதற்காகத்தான் 3% கூடுதல். ஸ்டாக்கில் 11 பைப் கிடந்தாலும் 5 வேறு ஆர்டருக்கு ஒதுக்கியவை, தொடக் கூடாது. பைப் கட்டு 10 என்பதால் 69-க்கு 70.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணியது இப்படி: பொருத்துவது நாளுக்கு 20 வீதம் 23 முதல் 26 வரை. டாப் வெட்டி எட்ஜ் ஒட்டுவது 17, 18, 20, 21. கோட்டிங்குக்கு 6 வேலை நாள். பிரேம் 21 மாலைக்குள் திரும்ப வேண்டுமென்றால் 13 மாலை கிளம்பியே ஆக வேண்டும். வெல்டிங் நாளுக்கு 12, ஆறு நாள், 7-ஆம் தேதி தொடக்கம். இந்தத் தடத்தில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. அதனால் 72-ஐயும் ஒரே வண்டியில் அனுப்பாமல், 10 மாலை முதல் 36, 13 மாலை மீதி 36. முதல் லோடில் கலர் பிசகினாலும் திருத்த நேரம் இருக்கும்.

எட்ஜ் பேண்ட் ஆர்டர் போர்டுக்கு மூன்று நாள் முன்னதாகவே போகிறது. போர்டு கடையில் ஷேட் நம்பரை 3-ஆம் தேதியே உறுதி செய்து, அதே நம்பரை எட்ஜ் பேண்டுக்கும் எழுதவும். பழைய 60 மீட்டர் அதே ஷேட் இல்லையென்றால் 3 ரோல் போதாது, 4 போடவும்.

ஸ்க்ரூ 38-தான்: பைப்பில் 25 போக போர்டில் 13 இறங்கும். 50 வாங்கினால் டாப்பைத் துளைத்து மேலே வந்துவிடும். கால் மூடி கேட்கும்போது பைப்பின் கனம் 1.2 மி.மீ. என்று சொல்ல வேண்டும், 2 மி.மீ. பைப்புக்கான மூடி இதில் நிற்காமல் கழன்று விழும்.

பைப் 6 மாலைக்குள் வரவில்லையென்றால், கையிருப்பு 6-ஐ வைத்து 7 காலை வெல்டிங் தொடங்கி, உள்ளூரில் 12 பைப் சில்லறையாக எடுக்கவும். விலை கூடினாலும் பரவாயில்லை.