நல்லசாமி அண்ட் தேன்மொழி, பட்டயக் கணக்காளர்கள், திருப்பூர்: நிறுவன அறிமுகம்

2006 முதல் திருப்பூர் அவினாசி சாலையில் இயங்கிவரும் பங்காண்மை நிறுவனம் எங்களுடையது. எங்கள் வேலையில் பெரும்பகுதி பின்னலாடைத் தொழிலைச் சார்ந்தது: ஏற்றுமதியாளர்கள், நிட்டிங் ஆலைகள், சாயப்பட்டறைகள், பிரிண்டிங், எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்பவர்கள். மற்றத் தொழில்களின் வருமான வரி, தணிக்கை வேலைகளும் உண்டு. ஆனால் எங்களுக்குப் பழக்கமான களம் எது என்று கேட்டால், தயங்காமல் நூலிலிருந்து பெட்டி வரை என்போம்.

பங்குதாரர்கள்

சி.ஏ. வே. நல்லசாமி, பி.காம்., எஃப்.சி.ஏ.
நிறுவனத்தைத் தொடங்கியவர். கம்பெனிகளின் சட்டப்பூர்வத் தணிக்கை, வங்கிக் கடன் சார்ந்த சான்றிதழ்கள்.

சி.ஏ. இரா. தேன்மொழி, எம்.காம்., எஃப்.சி.ஏ., டி.ஐ.எஸ்.ஏ. (ஐ.சி.ஏ.ஐ.)
ஜி.எஸ்.டி. ரீஃபண்ட், ஜாப் ஒர்க் கணக்கு, கணினிவழிக் கணக்குமுறைத் தணிக்கை.

சி.ஏ. மு. அப்துல் ரஹீம், பி.காம்., பி.எல்., ஏ.சி.ஏ.
வருமான வரி, துறை நோட்டீஸ்களுக்குப் பதில், மேல்முறையீடு. சட்டம் படித்தவர், வழக்கறிஞராகத் தொழில் செய்வதில்லை.

பல்கலைக்கழகப் பட்டம் முதலில், இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஐ.) உறுப்பினர் நிலை அடுத்து, அக்கழகத்தின் மேற்படிப்புத் தகுதி கடைசியில் என வரிசைப்படுத்தியிருக்கிறோம். ஏ.சி.ஏ. இணை உறுப்பினரையும் எஃப்.சி.ஏ. ஐந்தாண்டுகளுக்குக் குறையாத அனுபவத்துக்குப் பின் கிடைக்கும் மூத்த உறுப்பினர் நிலையையும் குறிக்கும். இரண்டையும் ஒருவர் பெயருக்குப் பின் சேர்த்துப் போடுவதில்லை. டி.ஐ.எஸ்.ஏ. என்பது தகவல் முறைமைத் தணிக்கைக்கான தகுதி. சி.ஏ. இறுதித் தேர்வை இன்னும் முடிக்காத எங்கள் அலுவலர்களும் ஆர்ட்டிகிள் பயிற்சியாளர்களும் பெயருடன் சி.ஏ. சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் கையெழுத்தில் எந்தச் சான்றிதழும் வெளியே போகாது.

எங்கள் வேலை

பின்னலாடையில் கணக்கு இடறும் இடம் பெரும்பாலும் ஜாப் ஒர்க்தான். 1,000 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போய் 985 கிலோ துணியாகத் திரும்பினால், மீதி 15 கிலோ கழிவா, இருப்பா, எழுதாமல் விட்ட சலானா என்று பார்க்கிறோம். அதே துணி சாயப்பட்டறையிலும் காம்பாக்டிங்கிலும் எடை மாறும். ஒவ்வொரு கட்டத்து டெலிவரி சலானையும் அடுத்த கட்டத்து எடைச் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டே இருப்பை ஏற்போம். மார்ச் 31 அன்று துணி யாருடைய கொட்டகையில் கிடக்கிறதோ அங்கே எங்கள் ஆள் நேரில் போவார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையேல் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். அந்தக் கெடு நெருங்கும் சலான்களின் பட்டியலை மாதந்தோறும் தருகிறோம்.

ஏற்றுமதி ரீஃபண்டில் ஷிப்பிங் பில், ரிட்டர்ன், வங்கி வரவு மூன்றும் ஒத்துப்போன பிறகே RFD-01 தாக்கல் செய்வோம். அவசரத்தில் அனுப்பிக் குறைபாட்டுக் கடிதம் வாங்குவதைவிட இது நல்லது. நுண், சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பாக்கிக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள் கெடு. கெடு தாண்டினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அது வருமான வரியில் செலவாக ஏற்கப்படும். இந்த ஊரில் 90 நாள் கடன் சாதாரணம் என்பதால், ஆண்டு முடியும் முன்பே பாக்கிப் பட்டியலைக் கேட்டு நச்சரிப்போம்.

எங்கள் கையெழுத்தைச் சரிபார்க்க

நாங்கள் தரும் தணிக்கை அறிக்கை, சான்றிதழ் ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டவரின் உறுப்பினர் எண், நிறுவனப் பதிவு எண், 18 இலக்க யு.டி.ஐ.என். ஆகியவை இருக்கும். வங்கி மேலாளரோ வாங்குபவரோ udin.icai.org தளத்தில் அந்த எண்ணை இட்டு நேரடியாகச் சரிபார்க்கலாம். எண் இல்லாத தாள் எங்கள் பெயரில் வந்தால், தயவுசெய்து எங்களுக்குத் தெரிவியுங்கள்.

நாங்கள் தணிக்கை செய்யும் கம்பெனிக்குக் கணக்கு எழுதித் தர மாட்டோம். கம்பெனிச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. ரீஃபண்ட் தொகையில் சதவீதம் பேசிக் கட்டணம் வாங்குவதில்லை. வேலை தொடங்கும் முன் கட்டணமும் வேலையின் எல்லையும் கடிதத்தில் எழுதப்படும். வாடிக்கையாளர் பெயர்களைக் கழகத்தின் நடத்தை விதிகளுக்கு இணங்க இங்கே பட்டியலிடவில்லை. நாளை உங்கள் பெயரையும் வேறொருவரிடம் சொல்ல மாட்டோம்.

முதல் சந்திப்புக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளின் வரித் தாக்கல்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், நிலுவையில் உள்ள நோட்டீஸ்கள், கையிருப்பிலுள்ள சலான் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். சலான் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எண் தெரிந்தால் போதும்.